நாலு ஷீட்டிலும் 421

போன மாதம் என் புராஜெக்ட் பார்ட்னரோடு மூணு நாள் நான் பேசவில்லை. பேர் வேண்டாம், அவன் இந்த இதழைப் படிக்கிறவன். சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு எண்: 421. தப்பு அவன் மேலே என்று நான் அடித்துச் சொன்னேன். தப்பு என்னுடையது. பாதி என்னுடையது, மீதி எக்செல்லுடையது என்பதுதான் சரியான கணக்கு. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என்னுடைய பாதிக்கு அவனிடம் ஏற்கனவே பிரியாணி வாங்கிக் கொடுத்தாச்சு.

நாங்கள் சிவில். சிமென்ட்டில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலை, அதாவது ஃப்ளை ஆஷ் போட்டால் கான்கிரீட்டின் வலிமை எவ்வளவு குறைகிறது என்பது புராஜெக்ட். சாம்பல் 0, 10, 20, 30 சதவீதம் என நாலு கலவை. ஒவ்வொன்றிலும் 150 மி.மீ. கியூப் மூணு 7ஆம் நாளும், மூணு 28ஆம் நாளும் உடைக்க வேண்டும். மொத்தம் 24 கியூப். மெஷினில் வைத்து நசுக்கும்போது எத்தனை கிலோநியூட்டனில் உடைகிறது என்று ஒருத்தன் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தன் நோட்டில் எழுத வேண்டும். உடைந்த கியூப் உடைந்ததுதான். அந்த ரீடிங் தொலைந்தால் மறுபடி கலந்து, வார்த்து, தண்ணீரில் போட்டு, ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

நோட்டில் இருந்ததை எக்செல்லில் ஏற்றும் வேலை என்னுடையது. கலவைக்கு ஒரு ஷீட் வைத்தேன்: FA_0, FA_10, FA_20, FA_30. கடைசியில் Summary என்று அஞ்சாவது ஷீட், அதில் கிராஃப். நாலு கலவை ஷீட்டுக்கும் ஒரே அமைப்பு. B5, B6, B7 மூன்றும் 7ஆம் நாள் லோடு. பக்கத்து C காலத்தில் வலிமை. கியூபின் முகப் பரப்பு 22500 சதுர மி.மீ. என்பதால் ஃபார்முலா இதுதான்:

```
=B5*1000/22500
```

இதே தலைப்பு, இதே ஃபார்முலா, இதே காலம் அகலம் நாலு ஷீட்டிலும் வேண்டும். நாலு தடவை செய்ய எனக்குச் சோம்பல். FA_0 டேப்பை கிளிக் செய்து, Shift பிடித்துக்கொண்டு FA_30 டேப்பை கிளிக் செய்தேன். நாலும் ஒரு குரூப் ஆகிவிட்டது. இனி FA_0-வில் எதை அடித்தாலும் மற்ற மூணிலும் அதே செல்லில் அது விழும். தலைப்பு அடித்தேன், ஃபார்முலா போட்டேன், பார்டர் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை. குரூப்பைக் கலைத்துவிட்டு ரீடிங்குகளை ஏற்றினேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

எல்லாம் ஏற்றிய பிறகு, ராத்திரி பதினொன்றரைக்கு, தசம இடங்கள் ஒவ்வொரு ஷீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது கண்ணில் பட்டது. மறுபடி நாலையும் குரூப் செய்தேன், இரண்டு தசமம் வைத்தேன், சேமித்தேன், மூடினேன், வாட்ஸ்ஆப்பில் அவனுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினேன். குரூப்பைக் கலைக்கவில்லை. மூடினால் தானாகக் கலைந்துவிடும் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

கலையாது என்பதுதான் பலருக்குத் தெரியாத முதல் விஷயம். எந்தெந்த டேப் தேர்வாகி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எக்செல் ஃபைலில் எழுதுகிறது. .xlsx என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு எக்ஸ்.எம்.எல். இருக்கும். தேர்வான ஷீட்டில் `tabSelected="1"` என்று ஒரு வார்த்தை இருக்கும். நாலு ஷீட்டில் அந்த வார்த்தை இருந்தால், யார் எந்த ஊரில் எந்த லேப்டாப்பில் எக்செல்லில் திறந்தாலும் அது குரூப்பாகத்தான் திறக்கும். குரூப் செய்தது நான். அந்த குரூப்புக்குள் போய் உட்கார்ந்தது அவன்.

மறுநாள் அவன் நோட்டையும் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. FA_20-யில் இரண்டாவது கியூப் நோட்டில் 421, ஷீட்டில் 412. நான்தான் எண்ணைத் திருப்பி அடித்திருக்கிறேன். அவன் FA_20 டேப்பை கிளிக் செய்தான், B6-ல் 421 அடித்தான், என்டர் தட்டினான். கிராஃப் மாறியதா என்று பார்க்க Summary-க்குப் போனான். சேமித்தான். எனக்குத் திருப்பி அனுப்பினான். "ஒரு எண் தப்பா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்டா" என்று ஒரு வரியும் போட்டிருந்தான்.

அந்த ஒரு என்டரில் நடந்தது இது. FA_0-வில் 502 இருந்த இடத்தில் 421. FA_10-ல் 455 இருந்த இடத்தில் 421. FA_30-ல் 359 இருந்த இடத்தில் 421. மூணு கியூபின் உண்மை ரீடிங் போயே போச்சு.

இப்போது நீங்கள் கேட்கலாம்: இது கண்ணில் படாதா? அதுதான் இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம். பூஜ்யமோ, பெயரோ, `#VALUE!` மாதிரி ஏதாவதோ விழுந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். விழுந்தது ஒரு நல்ல, நம்பும்படியான கான்கிரீட் ரீடிங். FA_0-வின் மூணு கியூப் 487, 502, 479. சராசரி வலிமை 21.75 நியூட்டன்/சதுர மி.மீ. நடுவில் 421 வந்ததும் அது 20.55 ஆனது. FA_30-ல் 366, 359, 371. சராசரி 16.24 இருந்தது, 17.16 ஆனது. மேலே இருந்தது கொஞ்சம் இறங்கியது, கீழே இருந்தது கொஞ்சம் ஏறியது. 30 சதவீதம் சாம்பல் போட்டால் 7ஆம் நாள் வலிமை உண்மையில் 25 சதவீதம் குறைகிறது. எங்கள் ஷீட் பதினாறரை சதவீதம்தான் குறைகிறது என்றது. சாம்பல் போடலாம் என்று சொல்வதற்காகவே புராஜெக்ட் எடுத்தவர்களுக்கு இதைவிட இனிப்பான தப்பு கிடைக்குமா? கிராஃப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

சிவில் படிக்காதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐ.எஸ். 456-ல் ஒரு விதி உண்டு. மூணு கியூபில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, விலகினால் அந்த முடிவு செல்லாது. எங்கள் ஷீட்டில் அந்தச் சோதனையும் இருந்தது. தப்பான 421, FA_0-வில் சராசரிக்கு 9 சதவீதம் கீழே, FA_30-ல் 9 சதவீதம் மேலே. இரண்டும் பாஸ். கோடே சர்டிபிகேட் கொடுத்துவிட்டது.

பிடித்தது எங்கள் கைடு. ரிவ்யூவில் கிராஃப்பைப் பார்த்துவிட்டு சார் கேட்ட கேள்வி: "28ஆம் நாள் 20 சதவீதம் குறைஞ்சிருக்கு, 7ஆம் நாள் பதினாறுதானா? தலைகீழா இருக்கே?" சாம்பல் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆரம்பத்தில் பின்தங்கி இருக்கும், நாள் போகப் போக எட்டிப் பிடிக்கும். அப்படியென்றால் வித்தியாசம் 7ஆம் நாள் அதிகமாகவும் 28ஆம் நாள் குறைவாகவும் இருக்க வேண்டும். எங்களுடையது எதிராக இருந்தது. "ரா டேட்டா கொண்டு வாங்க" என்றார்.

ஹாஸ்டலுக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். நாலு ஷீட்டிலும் B6-ல் 421. என்னுடைய பழைய ஃபைலைத் திறந்தேன். அதில் 502, 455, 412, 359. ஆக, மாற்றியவன் இவன்தான். போனைப் போட்டேன். "நான் FA_20 மட்டும்தான்டா தொட்டேன், சத்தியமா" என்றான். நான் நம்பவில்லை. அவன் அனுப்பிய ஃபைலில் குரூப் எதுவும் இல்லை, நாலு ஷீட்டும் தனித்தனியாக ஒழுங்காக இருந்தன. தானாக எப்படி மாறும்? பொய் சொல்கிறான், இல்லையென்றால் காப்பி பேஸ்ட் பண்ணித் தொலைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அப்புறம் மூணு நாள் மௌனம்.

மூணாவது நாள், அவன் சொன்னதைப் பொய் என்று நிரூபிப்பதற்காகவே, என் பழைய ஃபைலைத் திறந்து அவன் சொன்னபடி செய்தேன். FA_20 கிளிக், B6, 421, என்டர். FA_0 போய்ப் பார்த்தேன். 421. அப்போதுதான் தலையைத் தூக்கி ஜன்னலின் மேல் விளிம்பைப் பார்த்தேன். ஃபைல் பேருக்குப் பக்கத்தில் `Group` என்று ஒரு வார்த்தை. `Ctrl+Z` தட்டினேன். நாலு ஷீட்டிலும் நாலு பழைய எண்ணும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

அவன் ஃபைலில் ஏன் குரூப் இல்லை? அவன் Summary-யைப் பார்க்கப் போனான் அல்லவா, அது குரூப்புக்கு வெளியே இருந்த ஷீட். வெளியே உள்ள டேப்பைத் தொட்ட கணமே குரூப் கலைந்துவிட்டது. கொலை நடந்தது, கத்தியும் தானாகக் காணாமல் போனது. ஒரு மனிதன் ஒரு தப்பும் செய்யாமல் மாட்டிக்கொள்வதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு கிடையாது.

இங்கேதான் எக்செல் மேல் எனக்குக் கோபம். அதன் நடத்தையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள *எல்லா* ஷீட்டும் குரூப்பில் இருந்தால், வேறு எந்த டேப்பை கிளிக் செய்தாலும் குரூப் கலைந்துவிடும். ஆபத்து குறைவு. ஆனால் *சில* ஷீட் மட்டும் குரூப்பில் இருந்தால், குரூப்புக்குள் ஒரு டேப்பிலிருந்து இன்னொரு டேப்புக்கு எத்தனை தடவை தாவினாலும் குரூப் அப்படியே இருக்கும். நாம் ஒரு டேப்பை கிளிக் செய்யும்போது மனசில் சொல்வது "இனி இந்த ஷீட்டில் வேலை" என்று. எக்செல் அதை "குரூப்பில் இப்போது இதைக் காட்டு" என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே கிளிக். ஒரு சமயம் குரூப்பைக் கலைக்கிறது, இன்னொரு சமயம் கலைப்பதில்லை. அஞ்சாவதாக ஒரு Summary ஷீட் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. முதல் வகையில் பழகியவன் இரண்டாவதில் நிச்சயம் விழுவான். நான் ஸ்கூல் காலத்திலிருந்து மூணு ஷீட் ஃபைலில் மூணையும் குரூப் பண்ணி, இன்னொரு டேப்பைத் தொட்டுக் கலைத்துப் பழகியவன்.

கூகுள் ஷீட்ஸில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் புதுசு. அங்கேயும் Shift பிடித்துப் பல டேப் தேர்ந்தெடுக்கலாம், நகர்த்தலாம், அழிக்கலாம். ஆனால் செல்லில் டைப் செய்தால் கண்ணெதிரே இருக்கும் ஷீட்டில் மட்டும்தான் விழும். நம் காலேஜில் பாதிப் பேர் அங்கிருந்துதான் எக்செல்லுக்கு வருகிறோம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருத்தன், "மேலே Group-னு போட்டிருக்கான்ல, பார்க்காதது உன் தப்பு" என்றான். போட்டிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எங்கே போட்டிருக்கிறது? டைப் செய்யும்போது கண் செல்லில் இருக்கும், மிஞ்சிப்போனால் ஃபார்முலா பாரில் இருக்கும். ஃபைல் பேரை யாரும் நிமிஷத்துக்கு ஒரு முறை படிப்பதில்லை. இரண்டாவது அடையாளம் கீழே: குரூப்பில் உள்ள டேப்கள் எல்லாம் வெள்ளையாகவும் மற்றவை சாம்பல் நிறமாகவும் தெரியும். நாலஞ்சு டேப் இருந்தால் தெரியும். இருபது ஷீட் இருந்து, குரூப்பில் உள்ளவை வலது பக்கம் ஓடி மறைந்திருந்தால் அதுவும் தெரியாது. கேப்ஸ் லாக்குக்கு கீபோர்டிலேயே விளக்கு வைக்கிறார்கள். பாஸ்வேர்ட் அடிக்கும் பெட்டிக்குப் பக்கத்திலேயே "கேப்ஸ் லாக் ஆனில் இருக்கு" என்று காட்டுகிறார்கள். அங்கே போவது இன்னொரு தடவை பாஸ்வேர்ட் அடிக்கும் நேரம். இங்கே போவது மூணு கியூப். எச்சரிக்கை அந்த செல்லிலேயே இருக்க வேண்டும். பச்சைக் கட்டத்துக்குப் பதில் சிவப்புக் கட்டம் போட்டிருந்தால் போதும், இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

சரி, எக்செல் மாறும்வரை நாம் என்ன செய்வது? கலைப்பது சுலபம். குரூப்பில் உள்ள எந்த டேப் மேலாவது ரைட் கிளிக் செய்து `Ungroup Sheets` கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். குரூப்புக்கு வெளியே ஒரு டேப் இருந்தால் அதை ஒரு தட்டுத் தட்டினாலும் போதும். ஆனால் அதை வழக்கமாக்காதீர்கள். வெளியே டேப் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வேண்டிய எந்த வழியும் ராத்திரி பதினொன்றரைக்கு வேலை செய்யாது. ரைட் கிளிக் மெனு எப்போதும் ஒரே மாதிரி. குரூப்பே இல்லையென்றால் அந்த மெனுவில் `Ungroup Sheets` வராது. அதனால் அது பரிசோதனையும் கூட.

தெரியாமல் குரூப் ஆவதும் உண்டு. ஷீட்டுக்கு ஷீட் தாவ `Ctrl+PgDn` பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். அதோடு Shift விரல் தவறிப் பட்டால், தாவுவதற்குப் பதில் அடுத்த ஷீட்டையும் குரூப்பில் சேர்த்துக்கொள்ளும். "நான் குரூப்பே பண்ணலையே" என்று சொல்கிற பலர் இப்படித்தான் பண்ணியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு அடையாளம் பாருங்கள்: `Conditional Formatting`, `Data Validation`, `Insert` மெனுவில் `Table` இவையெல்லாம் அழுத்த முடியாமல் மங்கிக் கிடந்தால், அநேகமாக நீங்கள் ஒரு குரூப்புக்குள் இருக்கிறீர்கள். அவை குரூப்பில் வேலை செய்யாது. எக்செல் ரிப்பேர் என்று அன்இன்ஸ்டால் செய்யக் கிளம்ப வேண்டாம்.

தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்ததும் கை முதலில் போவது தப்பான எண்ணைத் திருத்த. நிறுத்துங்கள். குரூப் இன்னும் இருந்தால், FA_0-வில் 502 என்று திருத்தியதும் நாலு ஷீட்டிலும் 502 விழும். பதறிப்போய் FA_20-யில் 421 போட்டால் நாலிலும் 421. இப்படி மாற்றி மாற்றி அடித்து, ஃபைலில் பேய் புகுந்த மாதிரி ஆகிவிடும். ஃபைல் இன்னும் மூடாமல் இருந்தால் முதல் வேலை `Ctrl+Z`, பழைய எண்கள் திரும்பும்வரை. குரூப்பாகப் போட்டது குரூப்பாகவே திரும்பும். அதற்கு அப்புறம் நீங்கள் சரியாகச் செய்த வேலைகளும் சேர்ந்து போகும், போகட்டும். பிறகு `Ungroup Sheets`. பிறகு அந்த ஒரு ஷீட்டில் மட்டும் திருத்தம். மூடித் திறந்துவிட்டால் `Ctrl+Z`-க்கு ஞாபகம் இருக்காது. ஃபைல் ஒன்டிரைவில் இருந்தால் `File`, `Info`, `Version History` வழியாகப் பழைய பிரதியை எடுக்கலாம். எங்களுக்கு அதுவும் இல்லை. வாட்ஸ்ஆப்பில் கிடந்த பழைய ஃபைலும், தண்ணீர்க் கறை படிந்த லேப் நோட்டும்தான் காப்பாற்றின. நோட்டு இல்லாமல் நேராக எக்செல்லில் ரீடிங் ஏற்றுகிற ஜூனியர்ஸ், நோட்டு வாங்குங்கள்.

எங்கெல்லாம் விழுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த தலைவலி. 24 ரீடிங்கை நோட்டோடு ஒப்பிடலாம், 2400 என்றால்? குரூப் எடிட் எப்போதும் ஒரே முகவரியில்தான் விழும். FA_0-வின் B6-ல் அடித்தது FA_30-ன் B6-ல்தான் போகும், B7-க்குப் போகாது. அதனால் "எல்லா ஷீட்டிலும் ஒரே செல்லில் ஒரே எண்" என்பதுதான் கைரேகை. அதைத் தேட Summary ஷீட்டில் இப்படி ஒரு ஃபார்முலா போட்டோம்:

```
=MAX(FA_0:FA_30!B5)-MIN(FA_0:FA_30!B5)
```

FA_0 டேப் முதல் FA_30 டேப் வரை நடுவில் உள்ள எல்லா ஷீட்டிலும் B5-ஐ எடுத்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. கீழே இழுத்தால் B6, B7 என்று போகும். விடை பூஜ்யம் என்றால் நாலிலும் ஒரே எண். எங்கள் கெட்டுப்போன ஃபைலில் B5-க்கு 121 வந்தது, B6-க்கு 0, B7-க்கு 108. பூஜ்யம் பளிச்சென்று நின்றது. நாலு செல்லும் காலியாக இருந்தாலும் பூஜ்யம்தான் வரும், அதை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். Summary அந்த வரிசைக்கு வெளியே, கடைசியில் இருக்க வேண்டும். நாலில் இரண்டு ஷீட் மட்டும் குரூப்பில் இருந்திருந்தால் இந்த ஃபார்முலா பிடிக்காது, அப்போது இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டியதுதான். முக்கியமாக, இந்த ஃபார்முலாவை அடிப்பதற்கு முன்னால் மேலே Group என்று இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் டீமில் மூணாவது ஆள், இனிமேல் குரூப்பே பண்ணக் கூடாது என்று சட்டம் போட்டாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலு ஷீட்டுக்கும் கையால் ஃபார்முலா போட்டால் ஏதாவது ஒன்றில் 22500-க்குப் பதில் 2250 அடிப்பேன், என்னை எனக்குத் தெரியும். அந்தத் தப்பு 421-ஐ விட மோசம். குரூப் செய்தால் ஒரு ஃபார்முலா சரி என்றால் நாலும் சரி. என் கட்சி இதுதான்: தலைப்பு, ஃபார்முலா, அகலம், பார்டர், அதாவது ரீடிங் வருவதற்கு முன்னால் போடும் எலும்புக்கூட்டுக்கு குரூப் நல்லது. ஷீட்டில் ஒரு ரீடிங் ஏறிய பிறகு குரூப் ஆகாது, தசமம் திருத்தக்கூட ஆகாது. குரூப்பில் ஒரு வரியை அழித்தால் எல்லா ஷீட்டிலும் அந்த வரி போகும். பிரிண்ட் கொடுத்தால் எல்லா ஷீட்டும் வரும். ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு மட்டும் அதில் லாபம். என் தப்பு குரூப் பண்ணியது இல்லை. ரீடிங் ஏறிய பிறகு, ஒரு சின்ன அழகு வேலைக்காகப் பண்ணியதும், கலைக்காமல் அடுத்தவன் கையில் கொடுத்ததும்தான்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கெடுப்பு நடந்தால் ரெண்டுக்கு ஒன்று என்று நான் தோற்பேன், ஏனென்றால் பார்ட்னர் இப்போதைக்கு என் பக்கம் வர மாட்டான்.

மூணு எண்ணையும் நோட்டைப் பார்த்துத் திருப்பி ஏற்றினோம். 7ஆம் நாள் குறைவு 25 சதவீதம், 28ஆம் நாள் 20. சார் கிராஃப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினார். Summary-யில் இருந்த கழித்தல் காலத்தைக் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பார்ட்னர் முந்திக்கொண்டு, "அது இவனுக்காக வச்சது சார்" என்றான்.